ஜன்னலில் ஒரு கிழப்பூனை: ஒரு சிறுகதை உருவாகும் விதம்

ஒரு முதியவர் இருக்கிறார். அவர் வளர்க்கும் கிழப்பூனை தினமும் மாலையில் ஜன்னலில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருக்கிறது. சிறுகதை எழுதத் தொடங்குகிறவர்கள் பலருக்கும் இப்படி ஒரு காட்சிதான் முதலில் கிடைக்கிறது. காட்சி நன்றாக இருக்கிறது, மனதைத் தொடவும் செய்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு மேல் நகர்வதில்லை. தினமும் நடக்கிற ஒன்றை எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அது வர்ணனையாகவே நின்றுவிடுகிறது. அந்த வழக்கம் ஏதோ ஒரு நாளில் மாற வேண்டும். அந்த மாற்றத்தால் முதியவர் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். அப்போதுதான் அது கதையாகிறது.

அந்த மாற்றத்தை எங்கிருந்து எடுப்பது? பெரும்பாலானவர்கள் சாவிலிருந்து எடுக்கிறார்கள். முதியவர் இறந்துவிடுவார், பூனை ஜன்னலிலேயே இருக்கும். அல்லது பூனை இறந்துவிடும், முதியவர் வெறும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டுமே வாசகர் முதல் பத்தியிலேயே ஊகித்துவிடுகிற முடிவுகள். முதல் முடிவுக்கு உலகம் அறிந்த ஓர் உண்மை நிகழ்வும் இருக்கிறது. டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஹாச்சிகோ என்ற நாய் தன் எஜமானரான பேராசிரியர் உயெனோவுக்காகக் காத்திருந்தது. அவர் 1925-இல் இறந்தார். நாய் 1935-இல் தான் இறக்கும்வரை அங்கே வந்துகொண்டிருந்தது. அதே வடிவத்தைப் பூனைக்கு மாற்றிப் போட்டால் பூனை நாயாகிவிடும். நாய் எஜமானரைத் தேடி நிலையம்வரை போகும். பூனை தன் வீட்டின் எல்லையில் உட்கார்ந்து பார்க்கும். இரண்டும் வேறுவேறு காத்திருப்புகள்.

இந்தக் கதைக்கான மாற்றம் பூனையின் உடம்பிலேயே இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால், மாலை நேரத்தில் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பூனை உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பூனை அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. பகலில் பெரும்பகுதி தூங்கிவிட்டு, வெளிச்சம் சாயும்போது எழுந்து சோம்பல் முறிக்கும். வீட்டில் மாலை உணவு ஒரே நேரத்தில் கிடைத்துவந்தால், அந்த நேரம் நெருங்கும்போதே உடம்பு அதற்குத் தயாராகிவிடும். ஆகவே அது ஜன்னலுக்கு வருவதில் பசியும் இருக்கிறது, அந்தியும் இருக்கிறது, தெருவில் பறவைகள் அடையும் சலசலப்பும் இருக்கிறது. இவற்றோடு சேர்ந்து முதியவரும் இருக்கிறார். பூனை தனக்காக மட்டுமே காத்திருப்பதாக அவர் நம்பலாம். எழுதுகிறவர் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்த இடைவெளி தெரிந்தவர் எழுதும்போது கதையில் பாசம் குறைவதில்லை. முதியவரின் நம்பிக்கை அவருடையதாக மட்டும் இருப்பதால் அவர்மீது வாசகருக்கு இரக்கம் கூடுகிறது.

அடுத்தது, அவர் வருவது பூனைக்கு எப்படித் தெரிகிறது என்பது. கண்ணால் என்று எழுதினால் தவறு. மங்கிய வெளிச்சத்தில் பூனைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அசைவையும் சட்டென்று பிடித்துவிடும். ஆனால் தூரத்தில் இருப்பதன் நுட்பம் அதற்குத் தெரிவதில்லை. நமக்கு நூறடி தூரத்தில் தெளிவாகத் தெரியும் முகம், பூனைக்கு ஏறக்குறைய இருபதடிக்குள் வந்தால்தான் அதே அளவு தெளியும். தெருமுனையில் திரும்பும் ஆளை அது அடையாளம் காண்பது பெரும்பாலும் காதால்தான். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். பூனைக்கு இந்த எல்லை அதைவிட நான்கு மடங்குக்கும் மேல். எலியின் கீச்சொலியைப் பிடிப்பதற்காக அமைந்த அந்தக் காதுக்கு, ஒரு பழைய சைக்கிளின் சங்கிலிச் சத்தம் தெருமுனையிலேயே போதுமானது.

ஜப்பானில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கதைக்கு நேரடியாகப் பயன்படும். வளர்ப்புப் பூனைகளுக்கு அந்நியர்களின் குரலையும் வளர்ப்பவரின் குரலையும் ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டினார்கள். பூனைகள் தம் வீட்டாரின் குரலை வேறுபடுத்தி அறிந்தன. ஆனால் எழுந்து ஓடி வரவில்லை. காதைத் திருப்பின, தலையைத் திருப்பின, பெரும்பாலும் அதோடு சரி. பூனை வளர்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். கதைக்கு இதிலிருந்து ஒரு துல்லியமான சைகை கிடைக்கிறது: ஆள் வரும் திசைக்கு இரண்டு காதுகளும் திரும்புவது. வாலாட்டுவது, துள்ளுவது, ஓடிவருவது எல்லாம் வேண்டாம். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் திரும்பும் அந்தக் காதுகளை முதியவர் ஒவ்வொரு மாலையும் தெருவிலிருந்து பார்க்கிறார் என்றால், பூனைக்கும் அவருக்கும் உள்ள உறவு முழுவதும் அந்த ஒரு அசைவில் வந்துவிடும்.

பூனை கிழமானது என்பதை எப்படிக் காட்டுவது? வயதைச் சொல்வது எளிது, ஆனால் வாசகர் மனதில் தங்காது. பூனைக்குப் பதினைந்து வயது என்பது நல்ல முதுமை. முதுமை அதன் மூட்டுகளில்தான் முதலில் தெரியும், அதுவும் மறைவாக. 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பன்னிரண்டு வயதைத் தாண்டிய பூனைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. இவ்வளவு இருந்தும் பூனை நொண்டுவது அபூர்வம், கத்துவதும் இல்லை. குதிப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஒரே தாவலில் ஏறிய இடத்துக்கு இரண்டு தாவலில் ஏறும். பிறகு ஏறுவதையே விட்டுவிடும். முதுகை நக்கிச் சுத்தம் செய்ய எட்டாததால் அங்கே மயிர் சிக்குப் பிடிக்கும். நகத்தைப் போதுமான அளவு பிறாண்டித் தேய்க்காததால் அது வளர்ந்து, நடக்கும்போது தரையில் டக் டக்கென்று தட்டும்.

இவற்றில் ஒன்றை எடுத்து வீட்டுச் சாமானில் வைத்துவிட்டால் போதும். ஜன்னல் திண்டுக்குக் கீழே ஒரு முக்காலி. போன வருஷம் அது அங்கே இல்லை. இந்த வருஷம் முக்காலிக்கு முன்னால் ஒரு பலகையும் வந்திருக்கிறது. பூனையின் முதுமையும், அதைக் கவனித்துச் சாமானை நகர்த்திக் கொடுக்கும் ஒருவருடைய மனசும் இந்த இரண்டு வரிகளில் வந்துவிடுகின்றன. ‘வயதாகிவிட்டது’ என்ற சொல்லே தேவைப்படவில்லை.

இனிக் கதையைக் கட்டிப் பார்க்கலாம். முதியவர் பெயர் சண்முகம் என்று வைத்துக்கொள்ளலாம். வயது 76. மனைவி இல்லை, மகள் வேறு ஊரில். மாலை நான்கரைக்குச் சைக்கிளில் கிளை நூலகத்துக்குப் போய்ப் பேப்பர் எல்லாம் படித்துவிட்டு ஆறரைக்குத் திரும்புகிறவர். பூனையின் பெயர் குட்டி. மகள் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது தூக்கிவந்தது. இப்போது மகளின் பையன் பள்ளிக்கூடம் போகிறான், பூனைக்கு இன்னும் குட்டி என்றுதான் பெயர். பூனையின் வயதை எண்ணாகச் சொல்லாமல் மகளின் வாழ்க்கையை வைத்து அளந்தால், அவள் வீட்டைவிட்டுப் போய் எத்தனை காலமாயிற்று என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

மாதம் ஐப்பசியோ கார்த்திகையோ ஆக இருப்பது நல்லது. தமிழ்நாட்டில் சூரியன் மறையும் நேரம் நவம்பருக்கும் ஜூலைக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மாறுகிறது. ஜூலையில் ஆறரைக்குப் பகல் வெளிச்சம் இருக்கும். நவம்பரில் அதே ஆறரைக்கு இருட்டிவிடும். கதைக்கு அந்த இருட்டு பின்னால் தேவைப்படுகிறது. இந்தச் சின்னக் கணக்கைப் பார்க்காமல், மே மாத வெயிலைச் சொல்லிவிட்டு ஆறு மணிக்குத் தெருவிளக்கு எரிகிறது என்று எழுதும் கதைகள் உண்டு. வாசகருக்கு எங்கே தவறு என்று தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும்.

முதல் காட்சி வழக்கத்தைச் சொல்கிறது. தமிழில் இதற்கு வசதியான வினை வடிவம் உண்டு. “சைக்கிள் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போதே குட்டியின் காது திரும்பும். அவர் இறங்கி ஸ்டாண்டு போடுவதற்குள் வாயைத் திறந்து ஒருமுறை கத்தும். கண்ணாடிக் கதவு மூடியிருப்பதால் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்காது.” திரும்பும், கத்தும், கேட்காது என்று வந்தால் அது எல்லா மாலைகளுக்கும் பொருந்துகிறது. இப்படி அரைப் பக்கம் போன பிறகு, “அன்று காது திரும்பவில்லை” என்று இறந்தகாலத்தில் ஒரு வரி வந்தால், வேறு அறிவிப்பு எதுவும் இல்லாமலே வாசகர் அந்தக் குறிப்பிட்ட நாளுக்குள் வந்துவிடுவார். ‘திடீரென்று’, ‘ஆனால் அந்த நாள்’ போன்ற சொற்களைக் கூட்டினால் வரியின் வேகம்தான் குறையும்.

குட்டிக்குக் காது கேட்காமல் போயிருக்கிறது. கிழப்பூனைகளுக்கு இது சாதாரணமாக வருவது, மனிதர்களைப் போலவே மெல்ல மெல்ல. வீட்டார் பல மாதம் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் பூனை கண்ணாலும் மூக்காலும் தரையின் அதிர்வாலும் சமாளித்துக்கொள்ளும். சண்முகத்துக்கும் அது தெரியக் கூடாது. வாசகருக்கும் அவரோடு சேர்ந்துதான் தெரிய வேண்டும். அவர் கதவைத் திறந்து உள்ளே போகிறார். குட்டி தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து முதுகைத் தொடுகிறார். அது துள்ளித் திரும்பிச் சீறுகிறது, புறங்கையில் நகம் பட்டுவிடுகிறது. காது கேட்காத பூனை, ஆள் வந்தது தெரியாமல் இருக்கும்போது தொட்டால் இப்படித்தான் செய்யும். ஆனால் அவர் நினைப்பது வேறு. அதற்குத் தன்மேல் கோபம் என்று நினைக்கிறார். இன்னொரு நாள், தன்னை மறந்துவிட்டது என்று நினைக்கிறார். மகளிடம் போனில் சொல்கிறார்.

“குட்டி என்னைப் பார்த்துச் சீறுதும்மா.”

“வயசாயிடுச்சுல்லப்பா, அதுக்கும் எரிச்சல் வரும். மருந்து போட்டீங்களா கைக்கு?”

இந்த இரண்டு வரிக்கு மேல் உரையாடல் வேண்டியதில்லை. மகள் ‘அதுக்கும்’ என்று சொல்வதில் அப்பாவைப் பற்றிய அவள் நினைப்பும் வந்துவிடுகிறது. அதை எடுத்து விளக்கினால் கெட்டுவிடும்.

தவறான எண்ணம் கதையின் நடுப்பகுதியைத் தாங்க வேண்டும். அவர் மீன் வாங்கிப் போட்டுச் சமாதானம் செய்யப் பார்க்கலாம். நூலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பலாம். நடு இரவில் குட்டி கூடத்தில் நின்று முன் எப்போதும் இல்லாத உரத்த குரலில் கத்தலாம். தன் குரல் தனக்கே கேட்காத பூனை அப்படிக் கத்துவது உண்டு. இங்கே எழுதுகிறவருக்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கிழப்பூனை இரவில் கத்துவதற்குத் தைராய்டு சுரப்பு மிகுவதும், ரத்த அழுத்தமும், மூளை மங்குவதும்கூடக் காரணமாகலாம். ஆகவே கத்தலை மட்டும் வைத்துச் செவிடு என்று முடிவுகட்டினால், விஷயம் தெரிந்த வாசகர் நம்ப மாட்டார். அதற்கு ஒரு சோதனை தேவை. அந்தச் சோதனை அவர் திட்டமிடாமல் நடந்தால் இன்னும் நல்லது. சமையலறையில் எவர்சில்வர் தட்டு கை நழுவி விழுந்து, உருண்டு, சுழன்று ஓய்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து “என்ன தாத்தா?” என்று குரல் வருகிறது. கூடத்தில் நாற்காலியின் துணி மெத்தைமேல் தூங்கும் குட்டியின் காது நுனிகூட அசையவில்லை. அந்தப் பத்தியில் தட்டின் சத்தத்துக்கு மூன்று வரி கொடுக்கலாம். அசையாத காதுக்கு ஒரு வரி போதும். குட்டி தரையில் படுத்திருந்தால் அதிர்வு தெரிந்து எழுந்திருக்கக்கூடும், அதனால்தான் அதை மெத்தைமேல் படுக்கவைப்பது.

கால்நடை மருத்துவரிடம் போகும் காட்சி தேவையா என்பது எழுதுகிறவர் விருப்பம். சேர்த்தால் சுருக்கமாகச் சேர்க்கலாம். அவர் பூனையின் பார்வையில் படாத பக்கமாக நின்று, காற்று அதன்மேல் படாத தூரத்தில் கைதட்டிப் பார்ப்பார். கண்ணையும் பார்ப்பார், ரத்தப் பரிசோதனை எழுதித்தருவார். “இதுக்கு மருந்து இல்லைங்க ஐயா. பின்னாடி இருந்து தொடாதீங்க, அது உங்களைப் பார்க்கிற மாதிரி முன்னால வாங்க” என்பார். ஒரு மருத்துவர் சாதாரணமாகச் சொல்லக்கூடிய இந்த அறிவுரைதான் கதையின் திருப்பத்துக்கு வழி. அதை வேறு யாரும் ஞான வாக்காகச் சொல்லிவிடக் கூடாது.

இப்போது முதியவர் மாறுகிறார். இதுவரை சைக்கிளைப் பக்கவாட்டுச் சந்தில் நிறுத்தி அப்படியே கதவுக்குப் போனவர், இப்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு நேரே தெருவில் வந்து நிற்கிறார். குட்டிக்கு முகம் தெளியும் தூரம்வரை வந்து, அது பார்க்கும்வரை நிற்கிறார். பார்த்த பிறகுதான் கதவுக்குப் போகிறார். உள்ளே போனதும் விளக்கைப் போடுகிறார், தரையில் காலை ஒருமுறை ஊன்றித் தட்டுகிறார். அதுவரை அவருக்காகப் பூனை காத்திருந்தது. இப்போது பூனை தன்னைப் பார்ப்பதற்காக அவர் காத்திருக்கிறார். இந்த இடமாற்றம்தான் கதையின் மையம். இதை எந்த வரியிலும் வாசகருக்குச் சொல்லிக் காட்டக் கூடாது. தெருவில் போகிறவர்கள், “இவர் ஏன் தன் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்?” என்று திரும்பிப் பார்ப்பதை மட்டும் எழுதலாம்.

கடைசிக் காட்சிக்கு மழைக்கால இருட்டு உதவுகிறது. நூலகத்தில் மழைக்கு ஒதுங்கியதால் நேரமாகிவிட்டது. தெருவில் கரண்ட் இல்லை. சண்முகம் ஜன்னலுக்கு எதிரே வந்து நிற்கிறார், எதுவும் தெரியவில்லை. போனின் டார்ச்சை ஜன்னலை நோக்கி அடிக்கிறார். இரண்டு பச்சைப் புள்ளிகள் பளிச்சிடுகின்றன. பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால் அப்படித் தெரியும். அது அங்கேதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் இன்னும் அதற்குத் தெரியவில்லையே என்று டார்ச்சைத் திருப்பித் தன் முகத்தில் அடித்துக்கொண்டு நிற்கிறார். கதை அங்கே நிற்கலாம். அந்த இருட்டிலும் அவருடைய அசைவு பூனைக்கு ஓரளவு தெரிந்திருக்கக்கூடும் என்பதை எழுதுகிறவர் அறிந்திருப்பார், சண்முகம் அறிய மாட்டார். அவர் அறியாததை அவருக்காக வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கதை யாருடைய கண்ணில் நடக்கிறது என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. பூனையே கதை சொல்வது புதிதல்ல. நட்சுமே சோசெகி 1905-இல் ஒரு பூனையைக் கதைசொல்லியாக வைத்து எழுதத் தொடங்கிய நாவல் ஜப்பானில் இன்றும் படிக்கப்படுகிறது. அது மனிதர்களைக் கிண்டல் செய்யும் நாவல் என்பதால் அங்கே பூனைக்கு மொழி தேவைப்பட்டது. இந்தக் கதையில் பூனை பேசத் தொடங்கினால், காது கேட்கவில்லை என்பதை அதுவே சொல்லிவிடும், சண்முகத்தின் தவறான எண்ணத்துக்கு இடமே இருக்காது. ஆகவே படர்க்கையில், அவருக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிக்கொண்டு போவதே பொருத்தம். ‘குட்டி ஏக்கத்தோடு பார்த்தது’, ‘குட்டியின் கண்களில் சோகம்’ போன்ற வரிகள் முதல் பிரதியில் வந்திருந்தால் அவை அனைத்தையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் பூனையின் காது, வால், மீசை, கால் எதையாவது செய்யவைக்க வேண்டும். பூனையின் உடம்பு எதுவும் செய்யாத இடத்தில் வரியே தேவையில்லை.

இன்னொரு சறுக்கல், முதியவரையும் பூனையையும் ஒவ்வொரு அங்கத்திலும் இணை வைப்பது. பூனைக்கு மூட்டு வலி என்றால் அவருக்கும் மூட்டு வலி, அதற்குக் காது போனால் அவருக்கும் காது மந்தம். வாசகர் இந்த ஒற்றுமையைத் தாமாகவே பார்த்துவிடுவார். எழுத்தில் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும். சண்முகத்துக்குக் காது நன்றாகக் கேட்கட்டும். சைக்கிளும் ஓட்டட்டும். இரவில் பூனை கத்தும்போது அவர் எழுந்து வருவது காது கேட்பதால்தானே.

உணர்ச்சியை எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு உண்மை வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சோசெகியின் சீடரான உச்சிதா ஹ்யாக்கென் என்ற ஜப்பானிய எழுத்தாளர் வளர்த்த நோரா என்ற பூனை 1957 மார்ச்சில் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பவே இல்லை. அவருக்கு அப்போது 67 வயது. பூனையைத் தேடி அறிவிப்புகள் அச்சிட்டுக் கொடுத்தார், நாள்தோறும் அழுததைக் கூச்சமில்லாமல் எழுதினார். அந்தக் குறிப்புகள் புத்தகமாகவும் வந்தன. அகிரா குரோசாவா தம் கடைசிப் படமான ‘மாததயோ’வில் இந்தப் பகுதியையும் சேர்த்தார். ஹ்யாக்கென் அழுகையைத் தாராளமாகச் சொன்னபோதும் படிப்பவரைப் பிடித்து நிறுத்துவது, பூனை வழக்கமாகத் தூங்கிய குளியல் தொட்டியின் மூடி போன்ற பொருள்கள்தான். அவர் எழுதியது நாட்குறிப்பு, அதில் அழுகைக்கு இடமுண்டு. சிறுகதையில் சண்முகம் அழுதால், முக்காலியும் பலகையும் செய்த வேலை வீணாகிவிடும்.

நீளம் ஆயிரத்து ஐந்நூறு சொற்களுக்குள் இருப்பது நல்லது, வார இதழில் மூன்று பக்கம் வரும். வழக்கத்துக்கு அரைப் பக்கம், தவறான எண்ணத்துக்கு ஒரு பக்கம், தட்டு விழும் காட்சிக்கு ஒரு பத்தி, மிச்சம் ஜன்னலுக்கு எதிரே நிற்பதற்கு. மருத்துவர் காட்சியைச் சேர்த்தால் நடுப்பகுதியில் மீன் வாங்கும் பத்தியை எடுத்துவிடலாம். தலைப்பில் ‘காத்திருப்பு’ என்று வைத்தால் கதையின் பாதியைத் தலைப்பே சொல்லிவிடும், ‘செவிடு’ என்று வைத்தால் நடுப்பகுதிக்கு வேலையே இல்லை. ‘ஆறரை மணி’ என்று வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை.